தாழ்ந்த படியில் சக்கரத்தை ஏற்ற எவ்வளவு விசை வேண்டும்? படி மூலையைச் சுற்றிக் கணக்கிடும் முறை

சக்கரம் படியில் முட்டி நிற்கிறது. அதை மேலே ஏற்ற குறைந்தது எவ்வளவு விசை வேண்டும்? பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இந்தக் கணக்கு ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். பாடம் எடுக்கும்போது நான் கவனித்தது இது: சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களும், விசை கொடுக்கும் இடமோ திசையோ கொஞ்சம் மாறினால் நின்றுவிடுகிறார்கள். கணக்கின் படிகளை ஒழுங்கான வரிசையில் செய்தால் சூத்திரமே தேவையில்லை. அந்த வரிசையைத்தான் இங்கே ஒரே எடுத்துக்காட்டை வைத்துச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டு, மைதானத்தைச் சமப்படுத்தும் சிறிய கை உருளை. உள்ளே தண்ணீர் நிரப்பாமல் காலியாக இருக்கிறது, நிறை 40 கிலோ, விட்டம் 50 செ.மீ. கைப்பிடி அதன் அச்சில் மாட்டியிருக்கிறது. மண் தரையிலிருந்து 5 செ.மீ. உயரமுள்ள சிமெண்ட் மேடையில் அதை ஏற்ற வேண்டும்.

## 1. முதலில் அளக்க வேண்டியவை

மூன்று அளவுகள் வேண்டும்: ஆரம் R, படியின் உயரம் h, எடை W. இவற்றோடு, விசையை எந்தப் புள்ளியில், எந்தத் திசையில் கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். கடைசிச் செய்தியைப் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் விடையை அதிகம் மாற்றுவது அதுதான்.

ஆரத்தை நேராக அளப்பது சிரமம், ஏனென்றால் அச்சின் நடுப்புள்ளி கண்ணுக்குத் தெரியாது. ஒரு கயிற்றை உருளையைச் சுற்றிப் பிடித்து, அதன் நீளத்தை 6.28 ஆல் வகுத்துவிடுங்கள். நம் உருளைக்குக் கயிறு 157 செ.மீ. வரும், ஆகவே R = 25 செ.மீ.

படியின் உயரத்தை அளக்கும் இடம் முக்கியம். உருளையின் அடி தொடும் தரையிலிருந்து மூலை வரை அளக்க வேண்டும். மேடையை ஒட்டிய மண் பெரும்பாலும் மழையாலும் நடமாட்டத்தாலும் குழிந்திருக்கும். 2 செ.மீ. குழி இருந்தால் உங்கள் h 5 அல்ல, 7. அந்த 2 செ.மீ. என்ன செய்கிறது என்பதை ஆறாம் பகுதியில் பாருங்கள்.

எடைக்கு நிறையை 9.8 ஆல் பெருக்குங்கள்: 40 × 9.8 = 392 நியூட்டன். கிலோவை அப்படியே W என்று எழுதிவிட்டு, கடைசியில் விடைக்கு நியூட்டன் என்று அலகு போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. விடை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

## 2. படம்: மூலையைத் தொடும்படி வரையுங்கள்

வட்டத்தை வரைந்து பக்கத்தில் எங்கோ ஒரு படியை வரைந்தால் கணக்கு தொடங்கும் முன்பே தவறிவிடும். முதலில் தரைக்கோடு. அதன் மேல் அதைத் தொடும் வட்டம். அப்புறம் தரையிலிருந்து h உயரத்தில் ஒரு கிடைக்கோடு இழுத்து, அது வட்டத்தின் வலப்பக்கத்தை வெட்டும் புள்ளியைக் குறியுங்கள். அதுதான் படியின் மூலை. அதற்கு P என்று பெயரிடுவோம். படியின் செங்குத்து முகம் P-யிலிருந்து நேர் கீழே இறங்கும்.

இந்த வரிசையில் வரைந்தால் ஒரு உண்மை தானாகவே கண்ணில் படும். சக்கரம் படியின் செங்குத்து முகத்தைத் தொடுவதில்லை, மூலையை மட்டுமே தொடுகிறது. முகத்தில் ஒரு கிடைமட்ட எதிர்விசையை வரைகிறவர்கள் படியை முதலில் வரைந்து வட்டத்தை அதில் ஒட்டியவர்கள். (படி ஆரத்தை விடத் தாழ்வாக இருக்கும் வரைதான் இது பொருந்தும். நம் கணக்கு முழுக்க அந்த வரம்புக்குள்தான்.)

இப்போது விசைகளைக் குறியுங்கள். அச்சில் கீழ்நோக்கி எடை W. அச்சில் நாம் கொடுக்கும் விசை F, முதலில் அது கிடைமட்டமாக வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தரை தரும் செங்குத்து எதிர்விசை N, அடிப்புள்ளியில் மேல்நோக்கி. மூலை P தரும் எதிர்விசை, அதன் அளவும் தெரியாது, திசையும் தெரியாது. தெரியாததைத் தெரியாததாகவே ஒரு அம்புக்குறியாக விட்டுவிடுங்கள், ஊகித்துத் திசை போட வேண்டாம்.

## 3. திருப்பு விசையை மூலையைச் சுற்றி எடுங்கள்

சமநிலையில் இருக்கும் பொருளுக்கு எந்தப் புள்ளியைச் சுற்றியும் திருப்பு விசைகளின் கூடுதல் சுழிதான். அப்படியானால் ஏன் P?

நமக்கு எதுவுமே தெரியாத விசை P-யில்தான் செயல்படுகிறது. P வழியாகச் செல்லும் விசைக்கு P-யிலிருந்து செங்குத்துத் தொலைவு சுழி, ஆகவே அதன் திருப்பு விசையும் சுழி. அளவும் திசையும் தெரியாத ஒன்று கணக்கிலிருந்து மொத்தமாக விலகிவிடுகிறது. உராய்வு எவ்வளவு, மூலை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று எதுவும் தெரிய வேண்டியதில்லை.

சக்கரம் என்றாலே அச்சைச் சுற்றித்தான் சுழலும் என்ற பழக்கத்தில் மாணவர்கள் அச்சை எடுக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? W-யும் F-உம் அச்சிலேயே செயல்படுவதால் அவை இரண்டும் காணாமல் போகின்றன. N-உம் அச்சின் வழியாகவே செல்கிறது. மிஞ்சுவது நமக்குத் தெரியாத மூலை விசை மட்டும். தேடும் F சமன்பாட்டிலேயே இருக்காது. தவறு செய்யவில்லை, ஆனால் பயனும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. படியேறும்போது உருளை உண்மையிலேயே P-யைச் சுற்றித்தான் திரும்புகிறது, கதவு கீலைச் சுற்றித் திரும்புவது போல. மூலையைக் கீலாக நினைத்துப் பார்த்தவுடன் பலருக்குக் கணக்கு பிடிபட்டுவிடும்.

## 4. தரையின் எதிர்விசையை எப்போது நீக்கலாம்

நான் பார்த்ததில் அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. N = W என்று பழக்கத்தில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் W-யின் திருப்பு விசையை N-இன் திருப்பு விசை சரியாக ஈடுசெய்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. விடை F = 0 என்று வரும். ஊதினாலே உருளை ஏறிவிடும் என்று அர்த்தம்!

N ஒரு நிலையான எண் அல்ல. நீங்கள் இழுக்காமல் நிற்கும்போது தரை முழு எடையையும் தாங்குகிறது, N = 392. இழுக்க இழுக்க எடையின் ஒரு பகுதி மூலைக்கு மாறுகிறது. உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், 150 நியூட்டன் கொடுக்கும்போது தரை தாங்குவது 192 நியூட்டன்தான். மேலும் இழுத்தால் ஒரு கட்டத்தில் N சுழியாகும். அந்தக் கணத்தில்தான் உருளை தரையை விட்டு எழும்புகிறது. "ஏற்றத் தேவையான குறைந்தபட்ச விசை" என்று கேட்பது அந்தக் கணத்தைத்தான்.

ஆகவே N = 0 என்பது வசதிக்காக எடுத்த அனுமானம் இல்லை. கேள்வியின் பொருளே அதுதான். கூடவே ஒரு நன்மை: N சுழியானால் தரையின் உராய்வும் சுழி. எழும்பும் கணத்தில் தரை கரடுமுரடா வழவழப்பா என்ற கவலை போய்விடுகிறது.

"உருளை ஏறாமல் நிற்கிறது, 150 நியூட்டன் கொடுக்கிறோம், தரை விசை என்ன?" என்று கேட்டால் மட்டும் N-ஐ நீக்கக் கூடாது. கேள்வியை ஒரு முறை நின்று படியுங்கள்.

## 5. செங்குத்துத் தொலைவுகள்

திருப்பு விசை என்பது விசை × செங்குத்துத் தொலைவு. இங்கே தொலைவு என்பது P-யிலிருந்து விசையின் செயல்கோட்டுக்கு வரையும் செங்குத்து. விசை செயல்படும் புள்ளிக்கு உள்ள தூரம் அல்ல. P-யிலிருந்து அச்சுக்கு உள்ள தூரம் எப்போதும் R தான், அதனால் இரண்டு விசைக்கும் R-ஐப் போட்டுவிட்டு F = W என்று எழுதியவர்கள் நிறையப் பேர்.

F கிடைமட்டம், அச்சின் உயரத்தில் செல்கிறது. அச்சு தரையிலிருந்து R உயரம், மூலை h உயரம். ஆகவே F-இன் செங்குத்துத் தொலைவு R − h = 25 − 5 = 20 செ.மீ. இங்கே h போடுவது அடுத்த பொதுவான பிழை. தரையிலிருந்து அளக்கும் பழக்கம் அது. நாம் அளப்பது மூலையிலிருந்து.

W செங்குத்து, அச்சு வழியாகக் கீழே செல்கிறது. P அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? அச்சு, P, அச்சுக்கு நேர் கீழே P-யின் மட்டத்தில் உள்ள புள்ளி, இந்த மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். கர்ணம் R = 25, ஒரு பக்கம் 20. பிதாகரஸ் தேற்றப்படி மற்றப் பக்கம்

```
d = √(25² − 20²) = √225 = 15 செ.மீ.
```

பொதுவாக எழுதினால் d = √(2Rh − h²). ஆனால் படத்தில் அந்த முக்கோணத்தைப் பார்த்துவிட்டால் இதை நினைவில் வைக்க வேண்டியதே இல்லை.

## 6. சமன்பாடும் விடையும்

W உருளையை P-யைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது திரும்பத் தரைக்கு, திருப்பப் பார்க்கிறது. F வலஞ்சுழியாக, படியின் மேல், திருப்பப் பார்க்கிறது. எழும்பும் கணத்தில் இரண்டும் சமம்:

```
F × 20 = 392 × 15
F = 294 N
```

அதாவது 30 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு இழுக்க வேண்டும். வெறும் 5 செ.மீ. படிக்கு, எடையில் முக்கால் பங்கு விசை. செ.மீ.-ஐ மீட்டராக மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். இரு பக்கமும் ஒரே அலகு என்பதால் இங்கே தேவையில்லை. திருப்பு விசையின் மதிப்பையே கேட்டால் மாற்றுங்கள்.

இப்போது அந்த 2 செ.மீ. குழி. h = 7 என்றால் F-இன் தொலைவு 18, d = √(625 − 324) ≈ 17.35. விசை 392 × 17.35 ÷ 18 ≈ 378 நியூட்டன். படியின் உயரம் 2 செ.மீ. கூடியதற்கு 84 நியூட்டன் கூடுதல். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நமக்கு எதிராக மாறுவதுதான் காரணம்: எடையின் தொலைவு கூடுகிறது, நம் விசையின் தொலைவு குறைகிறது. உருளையை ஏற்றும் முன் குழியில் ஒரு மண்வெட்டி மண் போட்டு மிதித்துவிட்டால் இந்த 84 நியூட்டன் மிச்சம்.

## 7. கைப்பிடியின் சாய்வு: இழுப்பதா, தள்ளுவதா

யாரும் கைப்பிடியைக் கிடைமட்டமாகப் பிடிப்பதில்லை. இடுப்பு உயரத்தில் பிடித்தால் அது சாய்ந்துதான் இருக்கும். 30 பாகை என்று வைத்துக்கொள்வோம்.

மேடையில் நின்று உருளையை நம் பக்கம் இழுத்தால் விசை முன்னோக்கியும் மேல்நோக்கியும் செல்கிறது. பின்னால் நின்று தள்ளினால் முன்னோக்கியும் கீழ்நோக்கியும். சாய்ந்த விசைக்குச் செங்குத்துத் தொலைவை நேராகத் தேடுவதை விட, அதை அச்சிலேயே கிடை, செங்குத்து என இரண்டாகப் பிரிப்பது எளிது. ஏனென்றால் அந்த இரண்டு கூறுகளுக்கும் தொலைவுகள் ஏற்கெனவே நம் கையில் இருக்கின்றன: கிடைக்கு 20, செங்குத்துக்கு 15.

இழுக்கும்போது மேல்நோக்கிய கூறு எடைக்கு எதிராக நின்று உதவுகிறது:

```
F (20 cos 30° + 15 sin 30°) = 392 × 15
F × 24.82 = 5880
F ≈ 237 N
```

தள்ளும்போது கீழ்நோக்கிய கூறு எடையோடு சேர்ந்துகொள்கிறது:

```
F (20 cos 30° − 15 sin 30°) = 392 × 15
F × 9.82 = 5880
F ≈ 599 N
```

அதே உருளை, அதே படி, அதே சாய்வு. இழுத்தால் 237, தள்ளினால் 599. நான் பாடம் எடுத்த ஒரு பள்ளி மைதானத்தில் இரண்டு பையன்கள் பின்னால் நின்று முழு பலத்தோடு தள்ளியும் உருளை அசையாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை மேடைக்கு வரச்சொல்லி, கைப்பிடியைத் திருப்பி இழுக்கச் சொன்னதும் ஏறிவிட்டது. அன்று வகுப்பில் இந்த இரண்டு வரிகளை எழுதியபோது யாரும் "எதற்கு இந்தக் கணக்கு?" என்று கேட்கவில்லை.

சரி, தள்ளும் சாய்வை இன்னும் கூட்டினால்? 53 பாகையில் 20 cos-உம் 15 sin-உம் சமமாகிவிடும். அடைப்புக்குள் சுழி. படத்தில் பார்த்தால் விசையின் கோடு நேராக P வழியாகச் செல்கிறது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் அது மூலையை நசுக்குமே தவிர உருளையைத் திருப்பாது. கீலின் மேலேயே கதவைத் தள்ளுவது போல.

இழுப்பதற்கு மிகச் சிறந்த சாய்வு எது? P-யையும் அச்சையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இழுப்பது. அப்போதுதான் தொலைவு அதிகபட்சமாக முழு R, அதாவது 25 ஆகிறது. F = 392 × 15 ÷ 25 ≈ 235 நியூட்டன், சாய்வு சுமார் 37 பாகை. 30 பாகையில் வந்த 237-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசமே இல்லை. 45 பாகையிலும் 238 தான். ஆகவே கோணமானியோடு நிற்க வேண்டாம், மேல்நோக்கி இழுத்தால் போதும். தேர்வில் "அச்சில் கொடுக்க வேண்டிய மிகக் குறைந்த விசை" என்று திசை சொல்லாமல் கேட்டால் மட்டும் இந்தச் செங்குத்துத் திசையை எடுங்கள்.

## 8. உச்சியில் கயிறு கட்டி இழுத்தால்

உருளையின் மேல் கயிற்றைச் சுற்றி, உச்சியிலிருந்து கிடைமட்டமாக இழுக்கலாம். கணக்கின் படிகள் எதுவும் மாறாது, F-இன் தொலைவு மட்டும் மாறும். உச்சி தரையிலிருந்து 50 செ.மீ., மூலை 5 செ.மீ., ஆகவே தொலைவு 45.

```
F × 45 = 392 × 15
F ≈ 131 N
```

அச்சில் கிடைமட்டமாக இழுத்தபோது வந்த 294-இல் பாதி கூட இல்லை. ஆனால் இங்கே ஒரு சோதனை கூடுதலாகத் தேவை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அச்சில் இழுக்கும்போது W, F இரண்டும் அச்சின் வழியாகச் செல்கின்றன. சமநிலைக்கு மூலை விசையும் அச்சின் வழியாகவே செல்ல வேண்டும். அதாவது அது ஆரத்தின் திசையில், உருளைப் பரப்புக்குச் செங்குத்தாக இருக்கும். உராய்வே தேவையில்லை, மூலையில் எண்ணெய் தடவியிருந்தாலும் ஏறும்.

உச்சியில் இழுக்கும்போது அப்படி இல்லை. W-யும் F-உம் உச்சிப் புள்ளியில் சந்திக்கின்றன, ஆகவே மூலை விசையும் உச்சியை நோக்கிச் செல்ல வேண்டும். அது ஆரத்திலிருந்து விலகிய திசை. அந்த விலகலுக்கு உராய்வுதான் காரணமாக இருக்க முடியும். நம் அளவுகளில் மூலை விசையைப் பிரித்தால் ஆரத் திசையில் 392 நியூட்டன், பரப்பை ஒட்டி 131 நியூட்டன் வருகிறது. ஆகவே உராய்வுக் குணகம் குறைந்தது 131 ÷ 392, சுமார் 0.33 இருக்க வேண்டும்.

அது இல்லையென்றால் உருளை ஏறாது, இருந்த இடத்திலேயே சுழலும். அடையாளம் எளிது: கயிறு வந்துகொண்டே இருக்கும், அச்சு எழும்பாது, சிமெண்ட் விளிம்பில் இரும்பு தேய்த்த கோடு விழும். ஈரமும் மணலும் உள்ள விளிம்பில் இது நடக்கலாம். விளிம்பைத் துடைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள்.

விசை பாதியானதால் வேலை பாதியாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சியில் இழுத்தால், அச்சு நகரும் தூரத்தை விடக் கயிறு அதிக தூரம் வர வேண்டும்.

## 9. விடையைச் சரிபார்ப்பது

எழும்பும் கணத்துக்கு மட்டும்தானே கணக்கிட்டோம், பாதி ஏறியபின் இன்னும் அதிக விசை வேண்டியிருக்குமா என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். கிடைமட்ட இழுப்பில் வேண்டியிருக்காது. உருளை எழும்ப எழும்ப அச்சு P-க்கு மேலே நகர்கிறது. W-யின் தொலைவு 15-இலிருந்து சுழிக்குக் குறைகிறது, F-இன் தொலைவு 20-இலிருந்து 25-க்குக் கூடுகிறது. ஆகவே மிகக் கடினமான கணம் முதல் கணம்தான். அதைத் தாண்டினால் மீதி தானாக வரும். அதனால்தான் உருளை மேடையில் ஏறியதும் இழுத்தவர் பின்னால் தடுமாறுவார். 294 நியூட்டனை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது தேவைக்கு மிக அதிகம்.

எல்லைகளையும் போட்டுப் பாருங்கள். h = 0 என்றால் F = 0 வர வேண்டும், வருகிறது. h ஆரத்துக்குச் சமமானால் R − h சுழியாகி F எல்லையற்றதாகிறது. அச்சின் உயரத்துக்கு உள்ள படியில் கிடைமட்டமாக எவ்வளவு இழுத்தாலும் ஏறாது. உங்கள் சூத்திரம் இந்த இரண்டையும் சொல்லவில்லை என்றால் எங்கோ ஒரு தொலைவு தவறு.

இன்னொரு பிழை ஆற்றல் வழியாக வருகிறது. "உருளை 5 செ.மீ. உயர்கிறது, ஆகவே வேலை 392 × 0.05 = 19.6 ஜூல். அச்சு கிடையாக 0.15 மீ. நகர்கிறது. ஆகவே F = 19.6 ÷ 0.15 = 131 நியூட்டன்." பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் இது ஏறும் தூரம் முழுவதற்குமான சராசரி விசை. தொடக்கத்தில் 294 கொடுக்காவிட்டால் உருளை எழும்பவே எழும்பாது. இதில் ஒரு வம்பும் உண்டு: இந்த 131, உச்சியில் கயிறு கட்டியபோது வந்த அதே எண். d² = h(2R − h) என்பதால் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே வரும். புத்தகத்தின் பின்னால் உள்ள விடையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, முறையும் சரி என்று நம்பிவிட வேண்டாம்.

ஓடிவந்து மோதி ஏற்றுவதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வேகத்தின் ஆற்றலும் சேர்கிறது. காற்றடைத்த டயரும் மூலையில் அமுங்கி அதைச் சுற்றிப் படிவதால், கெட்டியான சக்கரத்துக்கான இந்த எண் அதற்குத் தோராயம்தான்.

## 10. அதே முறையில் ஒரு சக்கர நாற்காலி

இப்போது எடை முழுவதும் ஒரே சக்கரத்தில் இல்லாத ஒன்று. சக்கர நாற்காலியில் முன்னால் சிறிய சக்கரங்கள், பின்னால் பெரியவை. முன் சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ., பின் சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். வாசலில் 4 செ.மீ. நிலைப்படி. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ, அதில் முன் சக்கரங்கள் 30 கிலோவும் பின் சக்கரங்கள் 50 கிலோவும் தாங்குகின்றன என்று வைப்போம்.

இங்கே W என்று போட வேண்டியது மொத்த எடை அல்ல. படியில் முட்டி நிற்கும் சக்கரங்கள் தாங்கும் பங்கு மட்டும். 80 கிலோவையும் போடுவதுதான் இந்தக் கணக்கில் முதல் பிழை.

முன் சக்கரம்: F-இன் தொலைவு 10 − 4 = 6. d = √(100 − 36) = 8. W = 30 × 9.8 = 294. F = 294 × 8 ÷ 6 = 392 நியூட்டன். தாங்கும் எடையை விட அதிகம்!

பின் சக்கரம்: தொலைவு 26. d = √(900 − 676) ≈ 15. W = 490. F = 490 × 15 ÷ 26 ≈ 283 நியூட்டன்.

பின் சக்கரம் அதிக எடையைத் தாங்கியும் குறைந்த விசையில் ஏறுகிறது. ஒவ்வொரு கிலோவுக்கும் பார்த்தால் முன் சக்கரத்துக்கு அதை விட இரண்டு மடங்குக்கும் மேல் விசை வேண்டும். நிஜத்தில் முன் சக்கரத்தின் நிலை இன்னும் மோசம். நாம் தள்ளுவது அச்சில் அல்ல, உயரத்தில் உள்ள கைப்பிடியில். அந்த உயரத் தள்ளல் நாற்காலியை முன்னால் சாய்க்கப் பார்த்து, பின் சக்கரங்களின் எடையில் ஒரு பகுதியை முன் சக்கரங்களுக்கு மாற்றுகிறது. W கூடுவதால் F-உம் கூடுகிறது. அதனால்தான் நிலைப்படியில் முட்டிய நாற்காலியை வேகமாகத் தள்ளினால் ஏறுவதற்குப் பதில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிகிறார்.

வழி இரண்டு உண்டு. ஒன்று, நாற்காலியைத் திருப்பி, பின் சக்கரங்கள் முதலில் ஏறும்படி, படிக்கு மேல் நின்று நம் பக்கம் இழுப்பது. பெரிய ஆரம், மேல்நோக்கிய இழுப்பு, இரண்டும் நமக்குச் சாதகம். மற்றொன்று, முன்பக்கமாகவே போக வேண்டும் என்றால், பின்னால் நீட்டியிருக்கும் குழாயைக் காலால் மிதித்து, கைப்பிடியைக் கீழே அழுத்தி, முன் சக்கரங்களைத் தூக்கிப் படியின் மேல் வைத்துவிடுவது. அப்போது முன் சக்கரத்தின் 392 நியூட்டன் கணக்கில் வரவே வராது, மீதி இருப்பது பின் சக்கரங்களை ஏற்றுவது மட்டும். எந்த வழியானாலும், தொடங்கும் முன் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லிவிட்டு, அவர் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகே நாற்காலியை அசையுங்கள்.